நாக்கில் கரையும் மாத்திரை: அட்டையில் ‘எம்டி’ என்று இருந்தால் என்ன செய்ய வேண்டும்?

வாந்திக்கு மருத்துவர் எழுதித் தரும் ஒன்டான்செட்ரான் 4 மி.கி. மருந்துக்கடையில் இரண்டு வகையாகக் கிடைக்கும். ஒன்று தண்ணீரோடு விழுங்கும் சாதாரண மாத்திரை. இன்னொன்றில் பெயருக்குப் பின்னால் ‘எம்டி’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். ‘மவுத் டிஸ்ஸால்விங்’, அதாவது வாயில் கரைவது என்பதன் சுருக்கம் அது. நாக்கின் மேல் வைத்தால் சில நொடிகளில் உதிர்ந்து, எச்சிலோடு கலந்து, தொண்டைக்குள் இறங்கிவிடும். தண்ணீர் தேவையில்லை. குடித்த தண்ணீரே வெளியே வந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டிலும் மருந்து ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். மாறுவது மாத்திரையின் உடல். அந்த உடல் ஈரத்தைக் கண்டதும் உடைந்துபோகும்படி செய்யப்பட்டது. ஈரம் நாக்கிலிருந்து வருகிறதா, விரலிலிருந்து வருகிறதா, மழைக்காலக் காற்றிலிருந்து வருகிறதா என்று அதற்குத் தெரியாது. எம்டி மாத்திரையை மற்ற மாத்திரைகளைப் போலக் கையாளக் கூடாது என்று சொல்வதற்கெல்லாம் இதுதான் காரணம்.

எப்படி இவ்வளவு சீக்கிரம் உடைகிறது?

சாதாரண மாத்திரையை இறுக்கி அழுத்தித்தான் செய்கிறார்கள். அது வயிற்றுக்குள் போய் உடைந்தால் போதும். பூச்சு இல்லாத மாத்திரைக்கு மருந்துத்தர நூல்கள் பொதுவாக 15 நிமிடம் வரை அவகாசம் தருகின்றன. நாக்கில் கரைவதற்கு அவ்வளவு நேரம் கிடையாது. சோதனைக் கருவியில் சுமார் 30 நொடிக்குள் உடைய வேண்டும், மாத்திரையின் எடை பொதுவாக 500 மி.கி.யைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2008இல் தந்த வழிகாட்டுதல். ஐரோப்பிய மருந்துத்தர நூல் 3 நிமிடம் வரை அனுமதிக்கிறது. எனவே ஒரு நிறுவனத்தின் மாத்திரை ஐந்தாறு நொடியில் காணாமல் போவதும், இன்னொன்று அரை நிமிடம் மாவாக நாக்கில் கிடப்பதும் இயல்பு. இந்த வித்தியாசத்தை வைத்து ஒன்றைப் போலி என்று முடிவுகட்ட வேண்டாம்.

இந்த வேகத்தைக் கொண்டுவர இரண்டு வழிகள் பரவலாக உள்ளன. முதல் வழி உறைய வைத்து உலர்த்துவது. மருந்தை ஜெலட்டின், மானிடால் ஆகியவற்றோடு திரவமாகக் கலந்து, அட்டையின் குழிகளிலேயே சொட்டாக ஊற்றி, உறைய வைத்து, வெற்றிடத்தில் அந்தப் பனிக்கட்டியை நேரடியாக ஆவியாக்கிவிடுவார்கள். நீர் இருந்த இடமெல்லாம் நுண்ணிய ஓட்டைகளாக மிஞ்சும். பொரி போல எடையே தெரியாத, தொட்டால் நொறுங்கும் ஒரு வில்லை கிடைக்கும். அது பிறந்த இடமே அட்டையின் குழிதான். அதன் மேல் தாளை ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. 1990களின் இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, ஒன்டான்செட்ரானின் நாக்கில் கரையும் வகையான ஜோஃப்ரான் ஓ.டி.டி. இப்படிச் செய்யப்பட்டதுதான்.

இரண்டாவது வழி, மாத்திரையாகவே அழுத்துவது, ஆனால் இலேசாக. இந்தியக் கடைகளில் கிடைக்கும் எம்டி மாத்திரைகளில் பெரும்பாலானவை இந்த வகை. இவற்றில் கிராஸ்போவிடோன், கிராஸ்கார்மெல்லோஸ் சோடியம் போன்ற பொருட்களைச் சேர்ப்பார்கள். நீரை உறிஞ்சியதும் இவை வேகமாக உப்பி, மாத்திரையை உள்ளிருந்தே பிளந்துவிடும். இனிப்புக்கும் வாயில் குளிர்ச்சியாக இருப்பதற்கும் மானிடால். ஒன்டான்செட்ரான் கசப்பான மருந்து என்பதால், மருந்தை ஒரு ரெசினோடு பிணைத்தோ மெல்லிய பூச்சுக்குள் அடக்கியோ, அஸ்பார்டேம் போன்ற இனிப்பும் பழவாசனையும் சேர்த்துத்தான் நாக்கில் வைக்கும்படி ஆக்குகிறார்கள்.

சீக்கிரம் கரைந்தால் சீக்கிரம் வேலை செய்யுமா?

பெரும்பாலும் இல்லை. இந்த மாத்திரைகளைப் பற்றிப் பரவலாக இருக்கும் தவறான எண்ணம் இதுதான். நாக்கில் கரைந்த ஒன்டான்செட்ரான் நாக்கு வழியாக ரத்தத்தில் ஏறுவதில்லை. எச்சிலோடு விழுங்கப்பட்டு, வயிற்றைக் கடந்து, குடலில்தான் உறிஞ்சப்படுகிறது. ரத்தத்தில் அதன் அளவு உச்சத்தைத் தொட, சாதாரண மாத்திரையைப் போலவே ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். பலன் அதற்கு முன்பே தெரியத் தொடங்கலாம், ஆனால் அது கரைந்த வேகத்தால் வந்ததல்ல. ஒற்றைத் தலைவலிக்குத் தரும் ரைசாட்ரிப்டானில் நிலைமை தலைகீழாகவே இருக்கிறது. அதன் சாதாரண மாத்திரை 1 முதல் 1.5 மணி நேரத்தில் உச்சத்தை எட்டும்போது, நாக்கில் கரையும் வகைக்கு 1.6 முதல் 2.5 மணி நேரம் ஆகிறது.

நாக்கின் மேல் வைப்பதும் நாக்குக்கு அடியில் வைப்பதும் வேறு வேறு. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் ஐசோசார்பைடு டைநைட்ரேட் நம் வீடுகளுக்குப் பழக்கமான மருந்து. அது வாயின் மெல்லிய சவ்வு வழியாக நேரே ரத்தத்தில் ஏறுவதற்காகவே அங்கே வைக்கப்படுகிறது. அந்தப் பழக்கத்தில் எம்டி மாத்திரையையும் அடியில் செருகுகிறார்கள். ஒன்டான்செட்ரானைப் பொறுத்தவரை அதில் கூடுதல் பலன் எதுவும் இல்லை. எதிர்த்திசைத் தவறுதான் ஆபத்து. நாக்குக்கு அடியில் வைக்க வேண்டியதை ‘எல்லாம் கரைகிற மாத்திரைதானே’ என்று விழுங்கிவிட்டால் மருந்தே வீணாகலாம். மனநோய்க்குத் தரும் அசெனபைன் நாக்கின் அடியில் கரையும்போது சுமார் 35 சதவீதம் ரத்தத்துக்குப் போகிறது. விழுங்கினால் 2 சதவீதம்கூடப் போவதில்லை.

வாயிலேயே உறிஞ்சப்படும்படி செய்த நாக்கில் கரையும் மாத்திரைகளும் சில உண்டு. பார்க்கின்சன் நோய்க்கான செலிஜிலின் அப்படிப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் 5 நிமிடம் எதையும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது என்றும், அளவு விழுங்கும் வகையைவிட மிகக் குறைவு என்றும் அதன் குறிப்பிலேயே இருக்கும். ஆகவே ஒரே மருந்தின் விழுங்கும் வகையிலிருந்து கரையும் வகைக்கு மாறும்போது, மி.கி. எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டு மாறுவது நல்லது.

அட்டையை எப்படிப் படிப்பது?

பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதி இல்லை. எம்டி, ஓ.டி.டி., மெல்ட், ஆர்.டி. என்று ஆளுக்கொன்றாகப் போடுகிறார்கள். நம்பத்தக்கது வணிகப் பெயரை அடுத்து வரும் பொதுப்பெயர் வரி. அதில் ‘ஒன்டான்செட்ரான் ஆரலி டிஸின்டக்ரேட்டிங் டேப்லெட்ஸ் ஐ.பி.’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். அல்லது அதற்குக் கீழே ‘ஒவ்வொரு மவுத் டிஸ்ஸால்விங் மாத்திரையிலும் அடங்கியது’ என்று தொடங்கும் வரி இருக்கும். இந்த இரண்டில் ஒன்றில் மாத்திரையின் வகை தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கும். அதே வணிகப் பெயரில் எம்டி இல்லாத சாதாரண வகையும் விற்கப்படுவதால், அட்டையின் நிறத்தை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது.

குழப்பம் அதிகம் வருவது ‘டிடி’ என்ற எழுத்துகளால். டிடி என்பது ‘டிஸ்பெர்ஸிபிள்’, அதாவது நீரில் போட்டுக் கலக்கிக் குடிக்க வேண்டிய மாத்திரை. அது நாக்கில் வைப்பதற்கானது அல்ல. எச்சிலின் அளவு அதற்குப் போதாது. வாயில் மணல் போல ஒட்டிக்கொள்ளும், குழந்தை துப்பிவிடும், சிறு குழந்தைக்குப் புரையேறலாம். ‘சூவபிள்’ என்றிருந்தால் மென்று தின்ன வேண்டும். ‘எஸ்.ஆர்.’, ‘ஈ.ஆர்.’, ‘எக்ஸ்.ஆர்.’ ஆகியவை முற்றிலும் வேறு குடும்பம். அவை மருந்தை மணிக்கணக்கில் மெல்ல விடுவதற்கானவை. அவற்றை நாக்கில் கரைக்க முயன்றால் ஒரு நாளைக்கான மருந்து ஒரேயடியாக உடலில் இறங்கிவிடலாம்.

அட்டையிலோ உள்ளே மடித்து வைத்த தாளிலோ இன்னும் மூன்று செய்திகளைத் தேடுங்கள். உரிக்க வேண்டுமா, அழுத்தலாமா என்பது முதலாவது. ‘ஈரத்திலிருந்தும் ஒளியிலிருந்தும் காக்கவும், 30 டிகிரிக்கு மேல் வேண்டாம்’ என்ற சேமிப்பு வரி இரண்டாவது. மூன்றாவது, அஸ்பார்டேம் இருக்கிறதா என்பது. அஸ்பார்டேம் உடலில் ஃபினைல்அலனினைத் தரும். அளவு சிறியதுதான். ஆனாலும் ஃபினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக்கோளாறு உள்ளவர்களுக்கு அந்தக் கணக்கு தெரிந்தாக வேண்டும். உறைய வைத்து உலர்த்திய வகைகளில் ஜெலட்டின் இருப்பதும் சிலருக்குத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. அது விலங்கிலிருந்து எடுக்கப்படுவது.

ஒரு சீட்டு, இரண்டு கரையும் மாத்திரைகள்

16 கிலோ எடையுள்ள 4 வயதுக் குழந்தைக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். மருத்துவர் எழுதியது: ஒன்டான்செட்ரான் எம்டி 4 மி.கி. ஒன்று இப்போதே, ஜிங்க் டிடி 20 மி.கி. தினம் ஒன்றாக 14 நாட்கள், கூடவே ஓ.ஆர்.எஸ். வீட்டுக்கு இரண்டு அட்டைகள் வருகின்றன. இரண்டும் சிறிய வெள்ளை மாத்திரைகள், இரண்டும் ‘கரைகிற’ மாத்திரைகள். இடம் மாறுவதற்கு இதைவிட வசதியான சூழ்நிலை இல்லை.

முதலில் எம்டி. கையைக் கழுவி, துணியில் நன்றாகத் துடைத்து, விரல் நுனிவரை உலர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வாந்தி எடுக்கும் குழந்தையைத் துடைத்துவிட்டு ஈரக்கையோடு அட்டையை எடுப்பதுதான் வழக்கமாக நடப்பது. விரலில் ஒட்டிய மாவு எல்லாமே குழந்தைக்குப் போக வேண்டிய மருந்து. குழந்தையின் வாயில் வாந்தி மிச்சம் இருந்தால் ஒரு மடக்கு நீரில் கொப்பளிக்கச் சொல்லுங்கள். கடும் நீரிழப்பில் நாக்கு வறண்டிருந்தாலும் அந்த ஒரு மடக்கு உதவும். காய்ந்த நாக்கில் மாத்திரை உடையாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இனி அட்டை. உரிக்கும் வகையானால், துளைக்கோட்டில் ஒரு குழியைப் பிரித்து, மூலையில் தாளைக் கிள்ளிப் பின்னோக்கி உரித்து, மாத்திரையை மெல்ல எடுக்க வேண்டும். தாளின் ஊடே தள்ளினால் உறைய வைத்து உலர்த்திய வில்லை உள்ளேயே தூளாகும். அழுத்தி எடுக்கும் வகையானாலும், நடுவில் குத்தாமல் ஓரத்தில் கட்டைவிரலால் நிதானமாக அழுத்தினால் உடையாது. எடுக்கும்போது இரண்டு மூன்று துண்டாகிவிட்டால் பயப்பட வேண்டாம். எல்லாத் துண்டுகளும் கையில் இருந்தால் அளவு முழுமையானதுதான். மொத்தத்தையும் நாக்கில் வையுங்கள். பாதி தரையில் கொட்டிவிட்டால் எவ்வளவு போயிற்று என்று யாராலும் கணிக்க முடியாது. அப்போது இன்னொன்றைக் கொடுப்பதா என்று மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

குழந்தையை உட்கார வைத்து, மாத்திரையை நாக்கின் நடுவில், மேற்புறம் வையுங்கள். வாயை மூடச் சொல்லுங்கள். மெல்ல வேண்டாம், கடிக்க வேண்டாம். எச்சில் ஊறியதும் விழுங்கினால் போதும். படுத்திருக்கும்போதோ, அரைத் தூக்கத்திலோ, நினைவு மங்கிய நிலையிலோ கொடுக்கக் கூடாது. மாத்திரை கரைந்தாலும் எச்சிலை விழுங்கும் வேலை மிச்சம் இருக்கிறது. அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடக் கூடாது.

வைத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சாதாரண மாத்திரை கொடுத்து வாந்தி வந்தால், மாத்திரை வெளியே வந்ததா என்று கண்ணால் பார்க்கலாம். இதில் பார்க்க எதுவும் இருக்காது. கொடுத்த எத்தனையாவது நிமிடத்தில் வாந்தி வந்தது என்ற ஒரே தகவலை வைத்துத்தான் மறுபடி கொடுக்கலாமா என்று மருத்துவர் முடிவு செய்வார். நீங்களாக இன்னொன்றை வைத்துவிடாதீர்கள். ஒன்டான்செட்ரான் அளவு கூடினால் இதயத் துடிப்பின் ஒழுங்கைப் பாதிக்கக்கூடிய மருந்து. வாந்தி இல்லையென்றால் கால் மணி நேரம் கழித்து ஓ.ஆர்.எஸ். தொடங்கலாம். ஒரு தேக்கரண்டி, ஓரிரு நிமிட இடைவெளி, மறுபடி ஒரு தேக்கரண்டி.

ஜிங்க் டிடி அதன் பிறகு, வாந்தி அடங்கியதும். ஒரு தேக்கரண்டியில் குடிநீர் எடுத்து, மாத்திரையை அதில் போட்டால் ஒரு நிமிடத்துக்குள் கரைந்துவிடும். அதைக் குடிக்க வைத்து, அதே கரண்டியில் மறுபடி கொஞ்சம் நீர் விட்டு, அடியில் தங்கியதையும் அலசிக் கொடுத்துவிடுங்கள். அந்த அலசலை விட்டுவிடுவதால் தினமும் கொஞ்சம் மருந்து கரண்டியிலேயே தங்கிப்போகிறது.

இதே சீட்டில் குழந்தையின் எடை 11 கிலோவாக இருந்து, மருத்துவர் 2 மி.கி. எழுதியிருந்தால்? 4 மி.கி. எம்டியைக் கத்தியால் இரண்டாக வெட்டத் தோன்றும். இலேசாக அழுத்திய மாத்திரை நேராகப் பிளக்காது. ஒரு பக்கம் பெரிதாகவும் மறுபக்கம் தூளாகவும் போகும். அடுத்த வேளைக்கென்று எடுத்து வைத்த பாதி இரவுக்குள் நமுத்துவிடும். 5 மி.லி.க்கு 2 மி.கி. என்ற அளவில் ஒன்டான்செட்ரான் சிரப் கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்குவதே சரி.

வீட்டில் வைத்திருக்கும்போது

எம்டி மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டு வைக்கக் கூடாது. காலை, மதியம், இரவு என்று அறை பிரித்த மாத்திரைப் பெட்டிக்கும் இது பொருந்தும். முதியவர்களுக்கு வாரக் கணக்கில் மாத்திரை அடுக்கி வைக்கும் வீடுகளில், கரையும் மாத்திரையை மட்டும் வெட்டிய அட்டைத் துண்டோடு பெட்டிக்குள் வையுங்கள். வாயில் போடும் நொடியில் பிரித்தால் போதும். கடையில் உதிரியாகக் காகித உறையில் தந்தால் வாங்காதீர்கள்.

அட்டையை வெட்டி விற்பதிலும் கவனிக்க ஒன்று இருக்கிறது. பத்து உள்ள அட்டையில் மூன்று கேட்டால் கத்தரிக்கோலால் வெட்டித் தருவார்கள். வெட்டு குழிக்கு மிக அருகில் போயிருந்தால் ஒட்டிய ஓரம் திறந்து, காற்று உள்ளே போகத் தொடங்கும். வெட்டிய துண்டில் காலாவதி மாதமும் தொகுதி எண்ணும் இருக்கிறதா என்பதையும் அங்கேயே பாருங்கள். அவை அட்டையின் ஒரு மூலையில்தான் பெரும்பாலும் இருக்கும், அந்த மூலை கடைக்காரரிடமே தங்கிவிடும்.

ஈரம் புகுந்ததைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. மாத்திரை உப்பி, ஓரம் சொரசொரப்பாகி, குழியின் சுவரில் ஒட்டியிருக்கும். தொட்டால் மாவு போல அமுங்கும். நிறம் மங்கியோ புள்ளி விழுந்தோ இருக்கும். நமுத்த மாத்திரை சில நேரம் நாக்கில் முன்பைவிட மெதுவாகக் கரையும். ஏற்கெனவே நீரைக் குடித்து உப்பிய பொருள் மறுபடி உப்ப இடமில்லாமல் போவதே காரணம். இப்படி இருந்தால், காலாவதித் தேதி மிச்சம் இருந்தாலும் எடுத்து எறிந்துவிடுங்கள். அந்தத் தேதி மூடிய அட்டைக்குத் தந்த உறுதி. அடுப்படி அலமாரியும் குளியலறை அலமாரியும் இவற்றுக்கு ஆகாத இடங்கள்.

இனிப்பும் பழவாசனையும் உள்ள மாத்திரை இது என்பதால் குழந்தைகள் கைக்கு எட்டாத உயரம் இங்கே இரட்டிப்பு அவசியம். ‘மிட்டாய்’ என்று சொல்லி ஊட்டுவதையும் தவிர்த்துவிடுங்கள்.

மூக்குக்குழாய் வழியாகத் தரலாமா?

நீரில் சுலபமாகக் கலைவதால், விழுங்க முடியாதவருக்குக் குழாய் வழியே கொடுக்க ஏற்றது என்று தோன்றும். எல்லாவற்றுக்கும் அது பொருந்தாது. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் லான்சோபிரசோல் கரையும் மாத்திரைக்குள் அமிலத்தைத் தாங்கும் பூச்சு போட்ட நுண்மணிகள் இருக்கின்றன. மாத்திரை கரையும், மணிகள் கரையா. அவை முழுதாகக் குடலுக்குப் போக வேண்டும். அதனால்தான் அந்த மாத்திரையை மெல்லக் கூடாது. அந்த மருந்தின் மூல நிறுவனத் தயாரிப்புக்கு, 15 மி.கி.யானால் 4 மி.லி. நீரிலும் 30 மி.கி.யானால் 10 மி.லி. நீரிலும் கலந்து, குலுக்கி, 15 நிமிடத்துக்குள் செலுத்த வேண்டும் என்று குறிப்பு உண்டு. அதே மருந்தின் இன்னொரு தயாரிப்பு சிரிஞ்சுகளையும் உணவு செலுத்தும் குழாய்களையும் அடைத்ததால், 2011இல் எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட நேர்ந்தது. மருந்து ஒன்று, மி.கி. ஒன்று, மணிகளும் கட்டுப்பொருளும் வேறு. ஆகவே குழாயில் செலுத்தலாமா என்பதை மருந்தின் பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது. கையில் இருக்கும் அந்தத் தயாரிப்பின் குறிப்பில் குழாய் என்ற சொல் இல்லையென்றால் மருந்தாளுநரிடம் கேட்காமல் செலுத்த வேண்டாம்.